பதினைந்து நிமிடப் பேச்சும் முதல் இரண்டு வாரமும்

கஞ்சாவை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இருபத்திரண்டு வயது இளைஞர் மருத்துவமனைக்கு வருவது குறைவு. தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை, வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்றுதான் பெரும்பாலும் வருகிறார்கள். சிலர் தாமாக வருவதுமில்லை, அம்மாவோ அண்ணனோ கையைப் பிடித்து அழைத்து வருகிறார்கள். புறநோயாளிப் பிரிவில் வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். உள்ளே அந்த இளைஞருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். அதற்குள் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

செய்ய முடியும். அந்தப் பேச்சால் நிறுத்தும் எண்ணத்தைத் தொடங்கி வைக்கலாம். ஆனால் நிறுத்திய பிறகு வரும் முதல் இரண்டு வாரங்களையும், அதற்குப் பின் என்றாவது ஒரு நாள் வரக்கூடிய முதல் சறுக்கலையும் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் பேச்சின் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும். நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. இந்த இரண்டாவது பகுதிதான் விடுபட்டுப் போகிறது.

விளக்குவதற்காகக் கற்பனையாக ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பெயர் கதிர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சுழற்சி ஷிப்டில் வேலை பார்க்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் மூன்று நண்பர்களோடு அறை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் வார இறுதிப் பழக்கமாகத் தொடங்கியது, இப்போது ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் இரண்டு என்றாகிவிட்டது. சிகரெட்டின் புகையிலையைப் பாதி உதிர்த்துவிட்டு அதில் கஞ்சாவைக் கலந்து அடைத்துக்கொள்கிறார். அது இல்லாமல் தூக்கம் வராது என்பது அவருடைய நம்பிக்கை. ஊரிலிருந்து வந்த அம்மாதான் அழைத்து வந்திருக்கிறார்.

மருத்துவர் முதலில் அம்மாவைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். பெற்றவர் எதிரில் எந்த இளைஞரும் உண்மையான அளவைச் சொல்லமாட்டார். தனியாக இருக்கும்போது கேட்க, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘அசிஸ்ட்’ என்ற வினாப்பட்டியல் இருக்கிறது. கேள்விகள் எட்டு. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை, அடக்க முடியாத ஆசை எத்தனை முறை வந்தது, அதனால் உடம்புக்கோ பணத்துக்கோ வீட்டிலோ தொல்லை வந்ததா, செய்ய வேண்டிய வேலை தவறியதா, யாராவது கவலைப்பட்டுச் சொன்னார்களா, குறைக்க முயன்று முடியாமல் போனதா என்று அது போகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் உண்டு.

கதிருக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். தினமும் புகைப்பதற்கு 6. வாரந்தோறும் அடக்க முடியாத ஆசை வருவதற்கு 5. இந்த மூன்று மாதத்தில் ஓரிரு முறை பணத் தகராறு வந்ததற்கு 4. வேலைக்கு இதுவரை தவறியதில்லை என்பதால் அங்கே 0. அம்மா கவலைப்பட்டதற்கு 6. ஒரு வருடம் முன்பு நிறுத்த முயன்று தோற்றதற்கு 3. மொத்தம் 24. கஞ்சாவுக்கு 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 26 வரை நடுத்தரம், 27-உம் அதற்கு மேலும் அதிகம். நடுத்தரத்தின் மேல் விளிம்பில் நிற்கிறார் கதிர். குறுந்தலையீடு என்று மருத்துவர்கள் சொல்லும் பதினைந்து நிமிடப் பேச்சு உருவானதே இந்த நடுத்தரக்காரர்களுக்காகத்தான். 27-ஐ எட்டியவர்களை அந்தப் பேச்சோடு அனுப்பிவிடாமல் முழுச் சிகிச்சைக்குச் சேர்க்க வேண்டும்.

இனி அந்தப் பேச்சு. மதிப்பெண் தாளை கதிர் பக்கம் திருப்பிவைத்து, “இது உங்க ஸ்கோர் தம்பி. இதப் பார்த்தா என்ன தோணுது?” என்று கேட்பதுதான் முதல் படி. தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. அடுத்து, கஞ்சாவில் அவருக்குப் பிடித்தது என்ன என்று கேட்பார்கள். இதைக் கேட்டால் பெற்றோர் பதறிவிடுவார்கள். ஆனால் ஒருவர் எதற்காகப் புகைக்கிறார் என்று தெரியாமல் அதற்கு மாற்று தேட முடியாது. கதிர், “தூக்கம் வருது சார், ஷிப்ட் டென்ஷன் போகுது” என்கிறார். பிறகுதான் பிடிக்காதது என்ன என்ற கேள்வி வருகிறது. பணம், மறதி, அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருப்பது என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

அதன் பின் ஓர் அளவுகோல். “இத விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.” கதிர் ஆறு என்கிறார். “ஏன் பத்து சொல்லல?” என்று கேட்கத்தான் நமக்கு வாய் வரும். அப்படிக் கேட்டால் ஏன் விட முடியாது என்பதற்கான காரணங்களை அவரே அடுக்கத் தொடங்கிவிடுவார். பயிற்சி பெற்றவர் கேட்பது வேறு: “ஏன் மூணு சொல்லாம ஆறு சொன்னீங்க?” இப்போது விடுவதற்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வருகின்றன. “அடுத்த வருஷம் பெர்மனன்ட் ஆகுறதுக்கு மெடிக்கல் இருக்கு சார். அம்மாவும் பாவம்.” அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ‘ஊக்க உரையாடல்’ முறையின் உயிர்நாடி இதுதான். ஒருவர் தன் வாயால் சொல்லிக்கொண்ட காரணத்துக்கு, பிறர் நூறு முறை சொன்னதைவிட வலு அதிகம்.

இந்தப் பதினைந்து நிமிடப் பேச்சை ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 731 பேரிடம் சோதித்தார்கள். முடிவுகள் 2012-ல் வெளியாயின. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சுக்கு உட்பட்டவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. இந்தியாவிலும் குறைந்தது, அமெரிக்காவில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. 2014-ல் பாஸ்டன் நகரில் 528 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், வேறு நோய்க்காக மருத்துவமனைக்கு வந்து, வழக்கமான கேள்விகளின்போது போதைப் பழக்கம் தெரியவந்தவர்களிடம் இத்தகைய பேச்சு பலன் தரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கஞ்சா பயன்படுத்தியவர்கள். ஆகவே பதினைந்து நிமிடத்தை மந்திரமாக நினைக்கக் கூடாது. தானே தொல்லையை உணர்ந்து உதவி தேடுகிறவரிடம் அது வேலை செய்யும் வாய்ப்பு அதிகம் என்றே நான் கருதுகிறேன். கதிர் தூக்கத்துக்காகத்தான் வந்தார் என்றாலும், ஒரு வருடம் முன்பு தானாக நிறுத்திப் பார்த்தவர் என்பது அவருக்குச் சாதகம்.

அந்த முயற்சி ஏன் தோற்றது என்று கேட்டால் கதிர் சொல்வது: “மூணு நாள்தான் சார் தாங்குச்சு. தூக்கமே இல்ல, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். அப்பதான் புரிஞ்சுது, என் உடம்புக்கு இது தேவைன்னு.”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பல இளைஞர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி, மூளையில் ‘சிபி1’ என்ற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. தினமும் வெளியிலிருந்து இவ்வளவு வந்தால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தும்போது கஞ்சாவும் இல்லை, உடம்பே சுரக்கும் அதே வகைப் பொருள்களைப் பெற்றுக்கொள்ளப் போதுமான ஏற்பிகளும் இல்லை. எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அந்த இடைவெளியில் வருபவை. நிறுத்திய ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நீளும். கஞ்சா கனவுத் தூக்கத்தை அமுக்கி வைத்திருந்ததால், நிறுத்தியதும் பயங்கரமான, நிஜம் போன்ற கனவுகள் வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-ல்தான் இந்த விலகல் தொல்லையைத் தனி நோய்நிலையாக ஏற்றது. ‘கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு இன்னும் உலவுவதில் வியப்பில்லை.

ஏற்பிகள் மீண்டு வருகின்றன என்பதுதான் கதிருக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி. தினமும் புகைத்தவர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்த ஆய்வுகளில், நிறுத்திய இரண்டாம் நாளே மீட்சி தொடங்கியிருந்தது. நான்கு வாரத்தில் புகைக்காதவர்களோடு ஒப்பிடத்தக்க நிலைக்கு வந்துவிட்டன. அதாவது மூன்றாம் நாள் வந்த எரிச்சல், உடம்புக்குக் கஞ்சா தேவை என்பதைக் காட்டவில்லை. உடம்பு தன்னைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டதைக் காட்டியது. இதை முன்பே தெரிந்துகொண்டவர் மூன்றாம் நாளைத் தாண்டிப் போகக்கூடும். தெரியாதவர், போன வருடத்துக் கதிரைப் போல, தன் உடம்பைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இப்போது திட்டம் போடுகிறார்கள். இரவு ஷிப்ட் ஓடும் வாரத்தில் நிறுத்தக் கூடாது, பகல் ஷிப்ட் தொடங்கும் வாரத்தின் முதல் நாளே நிறுத்தும் நாள். முந்தைய இரவு அறையில் மிச்சமிருக்கும் பொட்டலம், தாள் எல்லாம் குப்பைக்குப் போக வேண்டும், விற்பவரின் எண் போனிலிருந்து அழிய வேண்டும். புகையிலையோடு கலந்து இழுப்பவர் என்பதால் கதிர் விடுவது இரண்டு பொருள்களை. நிகோடின் விலகலும் எரிச்சலையும் தூக்கமின்மையையும் தரும். இதைச் சொல்லாமல் விட்டால், கஞ்சாவை விட்டவர் பகலில் சிகரெட்டைக் கூட்டிக்கொள்வார், அந்தச் சிகரெட்டே பழைய ஞாபகத்தைக் கிளறும். சாயங்காலத்துக்குப் பின் டீ வேண்டாம், விடுமுறையானாலும் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும் என்பவை தூக்கத்துக்கான எளிய ஏற்பாடுகள். தூக்க மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவதும், “இரண்டு பீர் அடிச்சா தூக்கம் வரும்” என்ற நண்பரின் யோசனையும் ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கும். கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்று இல்லை. அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்து 2012-ல் இளைஞர்களிடம் நம்பிக்கை தந்தது, 2017-ல் வெளியான பெரியவர்களுக்கான சோதனையில் வெறும் மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

அடுத்த சந்திப்பை ஒரு மாதம் கழித்து வைப்பது நம் மருத்துவமனைகளின் வழக்கம். இந்த நோய்க்கு அது பொருந்தாது. உச்சம் முதல் வாரத்தில் வருகிறது என்றால், நான்காம் ஐந்தாம் நாளில் ஒரு தொலைபேசி அழைப்பாவது, ஏழாம் நாளில் ஒரு நேர்சந்திப்பாவது வேண்டும். அம்மாவையும் இப்போது உள்ளே அழைத்துச் சொல்ல வேண்டும்: “அடுத்த பத்து நாள் பையன் சிடுசிடுன்னு இருப்பான்மா. மறுபடி ஆரம்பிச்சுட்டான்னு நெனைக்காதீங்க. விட்டதுனாலதான் அப்படி இருக்கான்.”

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. கடையில் சிறுநீர்ச் சோதனைப் பட்டை வாங்கி வீட்டிலேயே சோதிக்கும் பழக்கம் பெற்றோரிடம் பரவி வருகிறது. டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். தினமும் புகைத்தவரின் உடல் கொழுப்பில் சேர்ந்திருந்து, நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தினப் பழக்கக்காரருக்கு ஒரு மாதம் வரைகூடச் சோதனை ‘உண்டு’ என்று காட்டலாம். பதினைந்தாம் நாள் பட்டையைப் பார்த்துவிட்டு, உண்மையாகவே விட்டிருக்கும் மகனிடம் “பொய் சொல்றியாடா?” என்று கேட்டால், இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு அர்த்தமே இல்லை என்று அவனுக்குத் தோன்றும். அந்தப் பட்டையால் கெட்டுப்போகும் உறவு, அது தரும் தகவலைவிட மதிப்பு மிக்கது.

கதிர் முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. முந்தைய நாள்தான் சம்பளம் ஏறியிருக்கிறது. அறை நண்பனின் பிறந்தநாள். கை மாறி வந்ததை இரண்டு இழுப்பு இழுத்துவிடுகிறார். ஞாயிறு காலை எழும்போது மனதில் ஓடுவது: “எல்லாம் போச்சு. நம்மால முடியாது. இனிமே என்ன இருக்கு, முழுசாவே அடிச்சுக்கலாம்.”

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் மார்லாட் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த ஞாயிறு காலைக்காகவே செலவிட்டார் எனலாம். ஜூடித் கோர்டனோடு சேர்ந்து 1985-ல் அவர் வெளியிட்ட ‘மீள்வீழ்ச்சித் தடுப்பு’ நூலின் மையக் கருத்து, சறுக்கலும் மீள்வீழ்ச்சியும் ஒன்றல்ல என்பது. இரண்டு இழுப்பு ஒரு சறுக்கல். அது மீள்வீழ்ச்சியாக மாறுவதற்குப் பெரிய காரணம், அந்த இரண்டு இழுப்பின் போதையைவிட மறுநாள் வரும் குற்ற உணர்ச்சி. ‘நான் இப்படிப்பட்டவன்தான்’ என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிட்டால், அந்த வலியை ஆற்ற அவருக்குத் தெரிந்த வழி மறுபடி புகைப்பதுதான்.

அதனால் அந்த ஞாயிறு காலைக்கான வழிமுறையை நிறுத்தும் நாளுக்கு முன்பே, முதல் சந்திப்பிலேயே, ஒரு சின்ன அட்டையில் கதிரின் கையாலேயே எழுத வைக்கிறார்கள். ‘இது ஒரு நாள் தவறு. மிச்சம் இருந்தால் உடனே தூக்கிப் போடு. அறையை விட்டு வெளியே வா. இன்றே ஆலோசகருக்குப் போன் செய். மறைக்காதே.’ சறுக்குவதற்கு அனுமதி கொடுப்பது போல இருக்கிறதே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். தீயணைப்புக் கருவியை மாட்டி வைத்ததால் யாரும் வீட்டுக்குத் தீ வைப்பதில்லை.

திங்களன்று ஆலோசகர் கதிரோடு உட்கார்ந்து சனிக்கிழமையைப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்திப் பார்க்கிறார். இழுப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது? நண்பன் நீட்டினான், மறுத்தால் பிறந்தநாள் அதுவுமாக வருத்தப்படுவான் என்று தோன்றியது. அதற்கு முன்? ஷிப்ட் முடிந்து வந்தபோது சூபர்வைசர் திட்டியது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்? அன்று இரவு ஊருக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார், களைப்பாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் மாற்றினார். சறுக்கல் அந்த முடிவிலேயே தொடங்கிவிட்டது. பார்த்தால் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் இத்தகைய சிறு முடிவுகள்தாம் ஒருவரை ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்று மார்லாட் கண்டார். பலவிதப் பழக்கங்களில் மீள்வீழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் மூன்று நிலைமைகள் இருந்தன: மனச்சோர்வோ எரிச்சலோ போன்ற உணர்வு, உறவில் சண்டை, கூட்டாளிகளின் அழுத்தம். கதிரின் சனிக்கிழமையில் முதலும் மூன்றாவதும் சேர்ந்துகொண்டன, கையில் சம்பளமும் இருந்தது.

தடுப்பு வேலை இங்கே மிகவும் திட்டவட்டமாகிவிடுகிறது. சம்பளம் ஏறும் அன்றே பெரும்பகுதியை அம்மாவின் கணக்குக்கு அனுப்புவது. பிறந்தநாள் என்றால் கேக் வெட்டும் வரை இருந்துவிட்டுக் கிளம்புவது. நீட்டும்போது சொல்ல வேண்டியதை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது: “வேணாம் மச்சி, மெடிக்கல் வருது.” ஆலோசகர் நண்பனாக நடித்து விடாமல் வற்புறுத்த, கதிர் சிரிக்காமல் மறுக்கும் வரை இது நடக்கும். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் மனதுக்குள் நினைத்துக்கொண்ட பதில் அந்த நேரத்தில் நாக்குக்கு வராது. ஆசை கிளம்பும்போது அதோடு மல்லுக்கு நிற்காமல், அது ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் பயிற்சியும் உண்டு. பெரும்பாலும் அரை மணிக்குள் அது தணிந்துவிடும்.

இவ்வளவும் செய்தால் எத்தனை பேர் விடுகிறார்கள்? அமெரிக்காவில் மூன்று நகரங்களில் 450 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஒன்பது சந்திப்புச் சிகிச்சை பெற்றவர்கள் நான்கு மாதத்தில் புகைக்கும் நாள்களைச் சுமார் 59 சதவீதம் குறைத்திருந்தார்கள். இரண்டே சந்திப்பு பெற்றவர்கள் சுமார் 36 சதவீதம், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் 16 சதவீதம். ஆனால் முழுவதுமாக விட்டவர்கள் ஒன்பது சந்திப்புக் குழுவிலும் நான்கில் ஒருவருக்குக் குறைவுதான். இரண்டு சந்திப்பும் பயன் தருகிறது, ஒன்பது அதைவிடப் பயன் தருகிறது, பலருக்குக் கிடைப்பது குறைப்புதான், முழு விடுதலை அல்ல. வாரம் ஏழு நாள் புகைத்தவர் இரண்டு நாளுக்கு வந்துவிட்டால் அதைத் தோல்வி என்று எழுதி அனுப்பும் மருத்துவமனை அவரை மறுபடி பார்க்கப் போவதில்லை.

பேச்சோடு நிறுத்தக் கூடாத நிலைகளும் உண்டு. யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறார், எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறார், உயிரை விடப்போவதாகச் சொல்கிறார் என்றால் அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். ஓயாத வாந்தியோடு, சுடுநீரில் குளித்தால் மட்டுமே தேவலை என்று சொல்வதும் நீண்ட காலக் கஞ்சாப் பழக்கத்தின் அடையாளம், அதற்கும் மருத்துவமனைதான் வழி.

2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 72 லட்சம் பேருக்குக் கஞ்சாப் பிரச்சினைக்காக உதவி தேவைப்படுகிறது. போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட பழக்க அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தானே விரும்பி வந்து சிகிச்சையை முடித்தால் அவர் மீது வழக்குத் தொடரலாகாது என்கிறது. வீட்டில் ஒரு கதிர் இருந்தால் அடுத்த சண்டைக்கு முன் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணையோ அழையுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.